ஒரே இரவில் எழுதின ஆறு ரிசீட்

வங்காலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து மன்னார் டவுனுக்கும் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போய் வாடகை வீட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு வீடு கொடுத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கும் இது.

வேலை செய்யும் இடத்தில் வீட்டு வாடகைப் படி தருகிறார்கள். அதற்கு வீட்டுக்காரரின் பற்றுச்சீட்டும் வங்கிக் கூற்றும் கேட்கிறார்கள். எங்கள் ஆட்கள் செய்வது என்ன? கடைசி நாளுக்கு முதல்நாள் கடையில் ஒரு ரிசீட் புத்தகம் வாங்கி, ஒரே பேனாவால் ஆறு மாதத்துக்கும் எழுதி, வீட்டுக்காரரிடம் ஆறு கையெழுத்து வாங்குகிறார்கள். இலக்கம் 001இல் இருந்து 006 வரை. திகதி எல்லாவற்றிலும் முதலாம் திகதி. பிறகு வங்கிக் கூற்றைத் திறந்தும் பார்க்காமல் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். இப்படியான கவர்களை நிரப்பித் தரச் சொல்லி எங்களிடம் கொண்டுவருகிறவர்கள் பலர். இந்த வேலையை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

“காசு உண்மையாகப் போனதுதானே, பிறகென்ன?” என்பார்கள். காசு போனது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தெரிவது இரண்டு தாள் மட்டும். இரண்டும் இரண்டு கதை சொன்னால் அவர் எதை நம்புவது? அக்கரையில் இந்தியாவில், வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்கும் ஊழியர்கள் ரிசீட்டைத் தொழில்தருநரிடம் கொடுப்பது பல வருட வழக்கம். அங்கே ஒரு பெண் தன் தாய்க்கு வாடகை கொடுத்ததாக ரிசீட்டுகள் காட்டினார். கொடுத்தது ரொக்கம். வங்கியில் காசு எடுத்த தடயம் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. 2017இல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் அந்த விலக்கை மறுத்துவிட்டது. ரிசீட் கையில் இருந்தும் அவருக்குப் பயன்படவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 28,000 ரூபாய். ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு ரிசீட், மொத்தம் 168,000. வங்கிக் கூற்றில் இருப்பது இப்படி. ஜனவரி 3 அன்று 28,000. பெப்ரவரி 2 அன்று 28,000. மார்ச் 1 அன்று 31,400, ஏனென்றால் கரண்ட் பில் 3,400ஐயும் சேர்த்து அனுப்பியாயிற்று. ஏப்ரலில் புதுவருடச் செலவு, ஆகவே 6ஆம் திகதி 20,000, 18ஆம் திகதி மிச்சம் 8,000. மே மாத வாடகையை வீட்டுக்காரருக்கு வங்கியில் அனுப்பினதே இல்லை, அவர் காசாகக் கேட்டார், கையில் கொடுத்தாயிற்று. ஜூன் வாடகை ஒரு நாள் முந்தி மே 31 அன்று போயிருக்கிறது.

கூற்றில் வீட்டுக்காரருக்குப் போன மொத்தம் 143,400. ரிசீட்டுக்கும் இதற்கும் 24,600 வித்தியாசம். இந்த 24,600ஐ மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்தாலும் காரணம் பிடிபடாது. அது எந்த மாத வாடகையும் இல்லை, எந்த பில்லும் இல்லை. மே மாதத்தின் 28,000 கூற்றில் குறைகிறது, மார்ச்சில் 3,400 கூடுகிறது, ஒன்றை ஒன்று தின்று மிஞ்சியதுதான் 24,600. ஆகவே மொத்தத்தைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். ஒரு கொப்பித் தாளில் மாதத்துக்கு ஒரு வரி போட்டு, எந்த மாத வாடகை, காசு போன திகதி, கூற்றில் உள்ள தொகை, ரிசீட்டில் உள்ள தொகை என்று எழுதுங்கள். அரை மணித்தியால வேலை.

வித்தியாசம் தெரிந்த பிறகும் சிலர் செய்கிற காரியம் இன்னும் மோசம். கூற்றுக்குப் பொருந்தும்படி மார்ச் வாடகையை 31,400 என்று எழுதுகிறார்கள். அது பொய். மார்ச் ரிசீட்டில் வாடகை 28,000, மின்சாரம் 3,400 என்று இரண்டு வரியாக இருக்கவேண்டும், நீங்கள் கேட்பது 28,000 மட்டும். ஏப்ரலுக்கு இரண்டு திகதியும் இரண்டு தொகையும் வரவேண்டும். ஜூன் ரிசீட்டில் “ஜூன் மாத வாடகை, மே 31 அன்று கிடைத்தது” என்று இருக்கவேண்டும். எந்த மாதத்துக்கு என்பது ஒன்று, எப்போது கிடைத்தது என்பது வேறொன்று. இதைப் பிரித்து எழுதாததால்தான், கூற்றில் மே மாதத்தில் ஒரு வரி கிடப்பதைப் பார்த்து அதை மே வாடகை என்று எடுத்துவிட்டு, ஜூன் எங்கே என்று கேட்கிறார்கள்.

மே மாதத்துக்கு “காசாகப் பெற்றேன்” என்று உண்மைத் திகதியோடு வேண்டும். மே 5 அன்று ஏ.டி.எம்.இல் 30,000 எடுத்த வரி கூற்றில் இருந்தால் அதை அடையாளமிட்டுக் காட்டலாம். அது துணை மட்டும், ஆதாரம் ஆகாது. வங்கி மூலம் கட்டினால்தான் தருவோம் என்று அலுவலக விதி சொன்னால் அந்த மாதப் படி கிடைக்காமல் போகலாம். போகட்டும். ஒரு மாதப் படிக்காக மற்ற ஐந்து மாதத்தையும் சந்தேகத்தில் தள்ளாதீர்கள்.

சரி, அந்தந்த மாதம் ரிசீட் வாங்கவே இல்லை, இப்போது என்ன செய்வது? பழைய திகதி போட்டு ஆறு ரிசீட் எழுதாதீர்கள். இன்றைய திகதியில் வீட்டுக்காரரிடம் ஒரே கடிதம் வாங்குங்கள். இன்ன வீடு, இன்ன மாதங்கள், இன்ன திகதிகளில் இன்ன தொகை எனக்குக் கிடைத்தது என்று கூற்றைப் பார்த்து அவர் எழுதிக் கையெழுத்திடட்டும். பிந்தி எழுதினது பிந்தி எழுதினதாகவே தெரியட்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் கனடாவில், காசு போவது அவருடைய தங்கச்சியின் கணக்குக்கு, ரிசீட்டில் கையெழுத்து மச்சானுடையது. மூன்று பெயர். பொருந்தாத பெயரைத்தான் கணக்குப் பிரிவு முதலில் பிடிக்கும். என் வீட்டு வாடகையை இன்னார் கணக்கில் இன்னார் பெற்றுக்கொள்கிறார் என்று உரிமையாளரின் ஒரு கடிதம் இருந்தால் பேச்சு முடிந்தது.

இனி வீட்டுக்காரர்களுக்கு. 28,000 வாங்கிக்கொண்டு 20,000க்கு ரிசீட் தருகிறவர்களே, உங்கள் கணக்குக்கு 28,000 வந்தது வங்கியில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. ரிசீட்டைக் குறைத்து எழுதினால் அந்தப் பதிவு அழியாது. அழிவது வாடகைக்கு இருக்கிற பிள்ளையின் 8,000. 1990இல் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கின காலத்தில் ஒரு துண்டுத் தாள் இல்லாமல் வாய் நம்பிக்கையில் எங்கள் சனத்துக்கு வீடு தந்தவர்கள் உண்டு, அந்த நன்றி எங்களுக்கு என்றும் இருக்கும். ஆனால் அன்று யாரும் எங்களிடம் கணக்குக் கேட்கவில்லை. இன்று உங்கள் வாடகைக்காரரிடம் கேட்கிறார்கள். 25,000க்கு மேற்பட்ட ரிசீட்டுக்கு முத்திரை ஒட்டவேண்டும். அந்த முத்திரையைச் சாட்டி இழுத்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை வாடகைக்காரரே வாங்கி ஒட்டிவிட்டுப் போகலாம்.

அலுவலகங்களும் ஆறு மாதத்தை ஒன்றாகக் கேட்காமல் மாதா மாதம் வாங்கினால் பாதிக் குழப்பம் வராது. அவர்கள் கேட்காவிட்டாலும் காசு அனுப்பும்போது குறிப்பு இடத்தில் “ஜூன் வாடகை” என்று எழுதுங்கள், அது கூற்றில் வந்து நிற்கும். போன் திரையைப் படம் பிடித்து வெட்டின துண்டைக் கொடுக்காதீர்கள், வங்கி தரும் முழுக் கூற்றையே கொடுங்கள். மற்றச் செலவு வரிகளை மறைக்க விரும்பினால், மறைக்கலாமா என்று முதலில் அலுவலகத்திடம் கேளுங்கள்.

இந்த மாதம் கொடுக்க இருக்கிறவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வெறும் ரிசீட்டோடு வராதீர்கள், கூற்றின் பிரதியும் வேண்டும்.