வேலை இல்லை என்று சொன்னவருக்கு நன்றிக் கடிதமா?

"தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்தப் பதவிக்கு வேறொருவரைத் தேர்வு செய்துள்ளோம். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்."

படித்து முடித்துவிட்டு வேலை தேடுகிற எல்லோருக்கும் இந்த மூன்று வரிகள் மனப்பாடம். இந்த மின்னஞ்சல் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: மூடிவிட்டு அடுத்த விளம்பரத்தைத் தேடுவது. "வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அப்புறம் அவங்களுக்கு என்ன பதில் வேண்டிக்கிடக்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் "வேண்டாம்" என்று அந்த மின்னஞ்சலில் எங்கேயும் இல்லை. "வேறொருவரைத் தேர்வு செய்துள்ளோம்" என்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பதில் எழுதுவதா வேண்டாமா என்பதே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் இயந்திரவியல் முடித்தவள். ஓர் ஆண்டாக ஒரு சின்ன ஃபவுண்டரியில் தரப் பரிசோதனை வேலை. இப்போது அங்கே ஆர்டர் இல்லை, மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்வு, தொழில்நுட்ப நேர்காணல், கடைசியாக மனிதவளத் துறை அம்மாவுடன் சம்பளப் பேச்சு. மூன்றையும் தாண்டிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த மூன்று வரிகள் வருகின்றன.

அந்த இரவு அவள் எழுதுகிற பதில் எப்படி இருக்கும்? "என்னை ஏன் எடுக்கவில்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள். நேர்காணல் நன்றாகத்தானே போனது? எனக்கு இந்த வேலை மிகவும் அவசியம். மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன்." கூடவே வழக்கமான 'கைன்ட்லி டூ தி நீட்ஃபுல்'.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இந்தக் கடிதம் அவருக்கு மூன்று வேலை வைக்கிறது. காரணம் சொல்ல வேண்டும், நேர்காணலை நியாயப்படுத்த வேண்டும், மறுபரிசீலனை இல்லை என்று இரண்டாவது முறையும் மறுக்க வேண்டும். நிராகரித்த காரணத்தை எழுத்தில் தருவதைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. எழுதிக் கொடுத்தால் அதை வைத்து வாதம் வளரும் என்ற பயம். ஆகவே அந்த அம்மா செய்யக்கூடியது பதில் போடாமல் விடுவது மட்டும்தான். அடுத்த முறை இந்தப் பெயரைப் பார்த்தால் நேர்காணல் நினைவுக்கு வராது, இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும்.

நல்ல பதிலுக்கு அடையாளம் இதுதான்: படித்தவர் எதுவும் செய்யாமல் மூடிவிடலாம், ஆனால் படித்த பிறகு அவர் கையில் ஏதோ ஒன்று மிஞ்ச வேண்டும்.

என்ன மிஞ்ச வேண்டும் என்று புரிய, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தேர்வான அந்த "வேறொருவர்" பெரும்பாலும் ஏற்கெனவே எங்கோ வேலையில் இருப்பவர். அங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலம் முடிக்க வேண்டும். நம் ஊர்க் கம்பெனிகளில் அது 1 மாதம் முதல் 3 மாதம் வரை. அதற்குள் பழைய முதலாளி சம்பளத்தை ஏற்றித் தருவதாகச் சொல்லலாம். இந்த ஆஃபர் லெட்டரைக் காட்டி இன்னொரு இடத்தில் கூடுதலாக வாங்கலாம். சேர வேண்டிய தேதியன்று போனையே எடுக்காமல் போவதும் உண்டு. ஆள் எடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம்.

அப்படி நடந்தால் மனிதவளத் துறை புதிதாக விளம்பரம் கொடுத்து, மறுபடி மூன்று சுற்று நடத்த விரும்பாது. பிரிவுத் தலைவர் "ஆள் எங்கே?" என்று தினமும் கேட்பார். முதலில் பார்ப்பது கடைசிச் சுற்று வரை வந்த இரண்டாவது ஆளைத்தான். அப்போது எழுகிற கேள்விகள் இரண்டு. இவர் இன்னும் வருவாரா? வந்தால் எத்தனை நாளில்? கதவைத் திறந்து வைக்கும் கடிதம் என்பது இந்த இரண்டு கேள்விக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த விடைதான்.

இனி அந்தப் பெண் என்ன எழுதலாம் என்று பார்க்கலாம். அவள் நேர்காணலில் ஒரு கேள்வி வந்தது. சோதனைக்கு வந்த பம்பில் மெக்கானிக்கல் சீல் கசிகிறது, காரணம் என்ன? ஓ-ரிங் சேதம், மாட்டும்போது நடந்த தவறு என்று இரண்டு சொன்னாள். "தண்ணீரே இல்லாமல் ஓட்டியிருந்தால்?" என்று ஒரு மூத்த பொறியாளர் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அன்று இரவு படித்துப் பார்த்தாள். சீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் உராய்வையும் சூட்டையும் குறைக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் முகங்கள் சூடேறி நுண்ணிய விரிசல் விடும், கசியும். இந்தச் சின்ன விஷயம்தான் அவள் கடிதத்தின் உயிர்.

ஆங்கிலத்தில் அனுப்பப்போகிற அந்தக் கடிதம் தமிழில் இப்படி இருக்கும்:

"வணக்கம் மேடம். முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. இடம் கிடைக்காததில் வருத்தம் உண்டு, ஆனாலும் உங்கள் முடிவை மதிக்கிறேன். சீல் கசிவு பற்றிய கேள்விக்கு அன்று எனக்குப் பாதி விடைதான் தெரிந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் முகங்கள் விரிசல் விடும் என்பதை அன்றிரவே படித்துத் தெரிந்துகொண்டேன். நல்ல கேள்வி அது, அதற்கும் நன்றி. தரப் பரிசோதனையிலோ சோதனைக் கூடத்திலோ பின்னால் இடம் வந்தால் மகிழ்ச்சியோடு வருவேன். இந்த மாதத்தோடு என் இப்போதைய வேலை முடிகிறது. அதன்பின் அழைத்த ஒரு வாரத்தில் சேர முடியும். கைபேசி எண் அதேதான்."

அவ்வளவுதான், ஒரு சின்னப் பத்தி. வருத்தத்தை ஒரே ஒரு முறை, ஒரே வரியில் சொல்கிறது. "ரொம்ப சந்தோஷம்" என்று நடித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். சீல் பற்றிய வரி, இது எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பும் நகல் அல்ல என்று காட்டுகிறது. தெரியாததைத் தெரிந்துகொள்கிற ஆள் என்பதையும், அதைத் தானே சொல்லிக்கொள்ளாமல், காட்டிவிடுகிறது. கடைசி வரிகள்தான் கதவு. "எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால் நினைவில் கொள்ளுங்கள்" என்பது எல்லோரும் எழுதுவது, அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்பது பயன்படும் தகவல். வேடிக்கை என்னவென்றால், முதல் கடிதத்தில் "வேலை மிகவும் அவசியம்" என்று கெஞ்சலாக வந்த அதே நிலைமைதான் இங்கே "ஒரு வாரத்தில் சேர முடியும்" என்று மாறியிருக்கிறது. 2 மாத நோட்டீஸில் இருப்பவருக்காகக் காத்திருந்து ஏமாந்த கம்பெனிக்கு அது பெரிய வசதி.

அனுப்பும் விதத்திலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளி இரவு எழுதினாலும் திங்கள் காலை அனுப்புவது நல்லது. கோபத்தின் மிச்சம் ஏதாவது வரியில் ஒட்டியிருந்தால் அதற்குள் கண்ணில் படும். ஒரு வாரம் தள்ளிப்போனால் கடிதம் எதற்கு வந்தது என்றே புரியாது. புது மின்னஞ்சலாக அனுப்பாமல் வந்த கடிதத்துக்கே Reply கொடுக்க வேண்டும். பின்னால் அந்த அம்மா பெயரைத் தேடும்போது விண்ணப்பம், நேர்காணல் அழைப்பு, இந்தப் பதில் எல்லாம் ஒரே இடத்தில் வரும். Reply All வேண்டாம், பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நிராகரிப்பு noreply என்ற முகவரியிலிருந்து வந்திருந்தால் அதற்கு எழுதுவது வீண். நேர்காணலுக்கு நேரம் குறித்து அனுப்பிய மனிதரின் பழைய மின்னஞ்சலுக்குப் பதில் எழுதலாம். எந்த மனிதரும் எழுதவே இல்லை, விண்ணப்பத்தைப் பார்த்ததோடு சரி என்றால் பதிலே வேண்டாம். அங்கே இரண்டாவது இடம் என்று ஒன்று இல்லை, திறந்து வைக்கக் கதவும் இல்லை.

"காரணம் கேட்கவே கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கலாம், ஆனால் இந்தக் கடிதத்தில் அல்ல. நேர்காணலில் அக்கறையாகப் பேசிய ஒருவருடைய தொடர்பு இருந்தால், பிறகு அவரிடம் "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்காமல் "எதை இன்னும் படிக்க வேண்டும்?" என்று கேட்கலாம். முதல் கேள்வி அவரைக் கூண்டில் ஏற்றுகிறது, இரண்டாவது அவரை ஆசிரியராக்குகிறது. அதேபோல, அந்தக் கம்பெனியில் சேர உண்மையில் விருப்பம் இல்லாதவர் கதவைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை. இரண்டு வரி நன்றி போதும். அழைத்த பிறகு வர மறுப்பது, எழுதாமல் விடுவதைவிட மோசம்.

இந்தக் கடிதம் எடுத்த முடிவை மாற்றாது. தேர்வானவர் சொன்ன தேதியில் வந்து சேர்ந்துவிட்டால் கதை அங்கே முடிந்தது. ஆகவே அனுப்பிய அன்றே அந்தப் பெண் அடுத்த விண்ணப்பத்தை எழுதத்தான் வேண்டும். வாரா வாரம் "ஏதாவது இடம் வந்ததா மேடம்?" என்று விசாரித்தால் கடிதம் சேர்த்த நல்ல பெயரும் கரைந்துவிடும். மறுபடி எழுத ஒரு காரணம் வேண்டும்: அதே இடத்துக்குப் புது விளம்பரம் வருவது, அல்லது சில மாதம் கழித்து அவள் புதிதாக ஒன்றைக் கற்று முடிப்பது. பல கம்பெனிகளில் ஒரு முறை நிராகரித்தவரை 6 மாதம் மறுபடி எடுப்பதில்லை என்ற விதியும் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினால் போதும்.

ஒருவேளை திங்கள் மதியமே அந்த அம்மாவிடமிருந்து "நன்றி, வாழ்த்துகள்" என்று ஒரு வரி வரலாம். அதற்கு நன்றி சொல்லி இன்னொரு மின்னஞ்சல் அனுப்பக் கை பரபரக்கும். அனுப்ப வேண்டாம். சொல்ல வேண்டியது எல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.