முதலில் டிரெட்மில்லா, வெயிட்ஸா?

போன வாரம் நம் பழைய பத்தாம் வகுப்புக் குழுவில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது. "வெயிட்ஸ் முடிச்சிட்டு டிரெட்மில்ல ஏறினாதான் சார் கொழுப்பு கரையும்" என்று ஒரு கட்சி. "முதல்ல ஓடி வேர்க்கணும்" என்று இன்னொரு கட்சி. கடைசியில் என்னை நடுவே இழுத்துவிட்டார்கள். இயற்பியல் நடத்தியவனுக்கு வேறு என்ன தெரியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதல் கட்சி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. எடை தூக்கும்போது தசை பெரும்பாலும் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜனைத்தான் செலவு செய்கிறது. நாம் சாப்பிட்ட சோற்றின் மாவுச்சத்து உடம்பில் தங்கியிருக்கும் வடிவம் அது. அது குறைந்த பிறகு நடந்தால், எரியும் எரிபொருளில் கொழுப்பின் பங்கு கொஞ்சம் கூடும். ஆனால் எவ்வளவு கூடும் என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

80 கிலோ எடையுள்ள ஒருவர் 20 நிமிடம் வேகமாக நடந்தால் சுமார் 130 கலோரி செலவாகும். முதலிலேயே நடக்கிறார், அதில் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 52 கலோரி. எடை தூக்கிய பின் நடக்கிறார், தாராளமாக 55 சதவீதம் என்றே கொடுப்போம்: சுமார் 72. வித்தியாசம் 20 கலோரி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்பதால், இரண்டு கிராமுக்குச் சற்று அதிகம். நீங்கள் காபியில் போடும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையிலும் அதே 20 கலோரிதான். இதற்கா அவ்வளவு சண்டை!

அந்த இரண்டு கிராம்கூட நம் கையில் நிற்காது. உடற்பயிற்சியின்போது கொழுப்பை அதிகம் எரித்த உடம்பு, மிச்ச நேரத்தில் மாவுச்சத்தைக் கொஞ்சம் கூடுதலாக எரித்துச் சரிக்கட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் பார்த்தால் சாப்பிட்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கில் வரும். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு அதிகம் கரையும் என்பதும் இதே தர்க்கம்தான். அதை பிராட் ஷோன்ஃபெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014-ல் சோதித்துப் பார்த்தார். இளம்பெண்கள் 20 பேர், நான்கு வாரம், ஒரே அளவு உடற்பயிற்சி, இரு குழுவுக்கும் கலோரி குறைத்த உணவு. பாதிப் பேர் வெறும் வயிற்றில் செய்தார்கள், பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுச் செய்தார்கள். கொழுப்புக் குறைவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அப்படியானால் வரிசை எதையுமே மாற்றாதா? ஒன்றை மாற்றும். இரண்டாவதாகச் செய்வது களைத்த உடம்போடு செய்யப்படுகிறது. வாரக்கணக்கில் இரண்டையும் சேர்த்துச் செய்யவைத்த ஆய்வுகளிலும், எடையை முதலில் தூக்கியவர்களுக்குக் கால் பலம் சற்று அதிகம் கூடியது; கொழுப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

நம் பிள்ளை ஒருவனையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது 44, கணினி வேலை. முதலில் 40 நிமிடம் ஓடுவான், பிறகு எடை. அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன் (வாத்தியார் புத்தி, நோட்டைத் திருத்தாமல் இருக்க முடியாது). ஓடாத நாளில் ஸ்குவாட் 12 முறை. ஓடிய நாளில் அதே எடையில் 7 முறை. மூன்றாவது வாரத்திலிருந்து கால் பயிற்சிக்கான கட்டமே காலி! எடை இயந்திரத்தில் நாலு கிலோ குறைந்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. உணவைக் குறைத்து உடம்பை இளைக்கும்போது தசையும் சேர்ந்தே போகும். எடைப் பயிற்சியும் போதிய புரதமும்தான் அதைப் பிடித்து வைக்கும். எடை இயந்திரத்துக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான்.

அதனால் அவனிடம் சொன்னது இதுதான்: ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கு, எடையை முடி, மிச்ச நேரம் ஓடு. ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் தாராளமாக ஓட்டத்தை முதலில் வைக்கலாம், அவர்கள் குறி வேறு. காலையில் நடை, மாலையில் எடை என்று பிரித்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. வயிறு குறைகிறதா என்று தெரிய, வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்தால் போதும்.

அறுபதைத் தாண்டிய சொந்தங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம். எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். என்னுடையது 13.