கருவறை வாசலில் பெரியாரின் வாதம்

கடவுளை மறுத்த பெரியார், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டுமென ஏன் கேட்டார்? இதை முரண்பாடாக நான் பார்க்கவில்லை. இறைவன் முன் அனைவரும் சமம் என்பது பக்தர்களின் கூற்று. அப்படியென்றால் ஒருவர் தொட்டதும் சிலை தீட்டுப்படுவது எப்படி? நம்பிக்கையாளரின் சொல்லைக் கொண்டே அவரை மடக்கும் வாதம் இது. ஆனால் சமத்துவத்தையே ஏற்காமல், ஆகமமே முடிவு என்பவரிடம் இது எடுபடாது. 1972இல் இந்திய உச்சநீதிமன்றமும் பரம்பரை அர்ச்சகர் உரிமை ஒழிப்பை ஏற்றுக்கொண்டு, ஆகம விதியை அப்படியே விட்டுவிட்டது.

எங்கள் மண்ணில் சிக்கல் வேறு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவதைத் தடுக்க முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம். அவர் பிராமணர் அல்லர், வெள்ளாளர். போதாக்குறைக்கு முன்னாள் கணிதப் பேராசிரியர். பிராமணரை நோக்கித் தொடுத்த வாதத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்தால், வாசலை மறித்தவர்கள் அதில் அகப்படவே மாட்டார்கள்.