‘லாஸ்ட் சீன்’ மறைத்தேன், மகனுடையதும் தெரியவில்லையே?

கேள்வி: ‘‘ஒரு ஏக்கரில் முருங்கை வைத்திருக்கிறேன். காய் வாங்கும் வியாபாரி, இரவு பதினோரு மணிக்கு மேல்கூட ‘ஆன்லைன்லதானே இருக்கீங்க, விலைக்குப் பதில் சொல்லுங்க’ என்று வாட்ஸ்அப்பில் தொந்தரவு செய்தார். அதனால் ‘லாஸ்ட் சீன்’ யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிட்டேன். ஆனால், அன்றிலிருந்து லாரி ஓட்டும் என் மகன் கடைசியாக எப்போது வாட்ஸ்அப் பார்த்தான் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துதான் நிம்மதியாகத் தூங்குவேன். போன் பழுதாகிவிட்டதா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம்.

பதில்: ‘‘போனில் பழுது எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பின் ஏற்பாடே அப்படித்தான். கடைசியாக வந்த நேரத்தை நீங்கள் யாருக்கு மறைக்கிறீர்களோ, அவர்களுடைய நேரம் உங்களுக்கும் தெரியாது. நீங்கள் Nobody என்பதைத் தேர்வு செய்திருப்பீர்கள். அது வியாபாரிக்கு மட்டுமல்ல, மகன் உட்பட எல்லோருக்கும் மறைத்துவிடும். அதனால் எல்லோருடைய நேரமும் உங்களுக்கு மறைந்துவிட்டது.

உங்களுக்குத் தேவை, வியாபாரி ஒருவருக்கு மட்டும் மறைப்பது. வாட்ஸ்அப்பில் வலது பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Settings, அதில் Privacy, அதில் Last seen and online என்று வரிசையாகப் போங்கள். மேலே உள்ள பகுதியில் My contacts except... என்பதைத் தொட்டால், போனில் நீங்கள் பதிந்து வைத்திருக்கும் பெயர்களின் பட்டியல் வரும். அதில் வியாபாரியின் பெயரைத் ‘டிக்’ செய்து, சேமித்துவிடுங்கள். அவர் இரண்டு எண்கள் வைத்திருந்தால், இரண்டையும் டிக் செய்ய வேண்டும். நீங்கள் பதிந்து வைக்காத எண்களுக்கு, இந்த நேரம் தானாகவே தெரியாது.

பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அதே பக்கத்தில் கீழே, நீங்கள் ஆன்லைனில் இருப்பது யாருக்குத் தெரியலாம் என்று இன்னொரு பகுதி இருக்கிறது. அது Everyone என்றே இருந்தால், கடைசியாக வந்த நேரம் வியாபாரிக்குத் தெரியாவிட்டாலும், நீங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருக்கும்போது ‘ஆன்லைன்’ என்பது தெரியும். உங்களுக்குத் தொந்தரவே அதனால்தான். எனவே, அங்கே Same as last seen என்று மாற்றுங்கள். இனி வியாபாரிக்கு இரண்டுமே தெரியாது. அவருடையதும் உங்களுக்குத் தெரியாது. மகனுக்கும் உங்களுக்கும் இடையே எல்லாம் பழையபடி தெரியும்.

அதன் பிறகும் மகனுடைய நேரம் தெரியவில்லை என்றால், அவர் போனைப் பாருங்கள். அவரும் மறைத்து வைத்திருக்கலாம். அல்லது அவர் My contacts என்று வைத்திருந்து, உங்கள் எண்ணைப் பதியாமல் இருக்கலாம். ஒரு விஷயம், அந்த நேரம் அவர் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்த நேரம் மட்டுமே. வண்டி ஓட்டும்போது பல மணி நேரம் திறக்காமல் இருப்பார். பழைய நேரத்தையே காட்டுகிறது என்று பயப்படத் தேவையில்லை.’’

கேள்வி: ‘‘முகப்புப் படமாக மகளுடன் எடுத்த போட்டோ வைத்திருக்கிறேன். அதை மறைத்தால், மற்றவர்களின் படமும் எனக்குத் தெரியாமல் போய்விடுமா?’’

- அதே வாசகி.

பதில்: ‘‘போகாது. கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற கணக்கு படத்துக்கு இல்லை. பெயருக்குக் கீழே எழுதி வைக்கும் About வரிக்கும் இல்லை. நீங்கள் மறைத்தாலும், மற்றவர்கள் உங்களுக்குக் காட்டும்படி வைத்திருந்தால் அவர்களுடையதைப் பார்க்கலாம்.

அதே Privacy பக்கத்தில் Profile photo என்பதைத் தொட்டு, My contacts என்று வையுங்கள். விலை கேட்டு வரும் முன்பின் தெரியாத எண்களுக்கும், குழுக்களில் இருக்கும் புதியவர்களுக்கும் படம் தெரியாது. ஆனால், My contacts என்றால் சொந்தக்காரர்கள் மட்டும் என்று அர்த்தமில்லை. உரக்கடைக்காரர், டிராக்டர்காரர் என நீங்கள் பதிந்து வைத்த எல்லோரும் அதில் அடக்கம். அவர்களில் சிலருக்குக் காட்ட விருப்பமில்லை என்றால், இங்கேயும் My contacts except... போட்டு அவர்களை டிக் செய்யலாம். About வரிக்கும் இதே முறைதான். ஏற்கெனவே யாராவது உங்கள் படத்தை எடுத்து வைத்திருந்தால், அதை இந்த வசதியால் அழிக்க முடியாது. மகளின் படம் குறித்துக் கவலை இருந்தால், தோட்டத்துப் படம் ஒன்றை வைத்துவிடுவது நல்லது.

எல்லாம் மாற்றிய பிறகும் அந்த வியாபாரியின் செய்திகள் வரத்தான் செய்யும். நீங்கள் படித்தால் நீல நிற டிக்கும் அவருக்குத் தெரியும். அது Read receipts என்ற தனி வசதி. அதை ஒருவருக்கு மட்டும் என்று நிறுத்த முடியாது. நிறுத்தினால் மகன் உட்பட யார் படித்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. எனவே அதை அப்படியே விட்டுவிட்டு, வியாபாரியின் செய்தியைக் காலையில் திறந்து படியுங்கள்.’’