இந்த அறைக்கு மாத வாடகை எவ்வளவு?

நம்முடைய மலேசியத் தமிழ்க் குறும்படங்களில் ஓர் அறை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவரில் காரை பெயர்ந்திருக்கும். தரையில் ஒரு பாய், மூலையில் நசுங்கிய அலுமினியச் சட்டி, மேலே மஞ்சளாக எரியும் குண்டு பல்பு. எல்லாமே பழுப்பு. படத்துக்குப் படம் நடிகர் மாறுவார். ஒன்றில் லோரி உதவியாளர், இன்னொன்றில் ஜாகா, வேறொன்றில் வேலை போன ஆள். அறை மட்டும் மாறாது. சிறுகதைகளிலும் இதே அறைதான். கிழிந்த பாய், ஒழுகும் கூரை என்று இரண்டு வரி எழுதிவிட்டால் வறுமை வந்துவிட்டது என்று நம்புகிறோம்.

எனக்கு அந்த அறையிடம் ஒரே ஒரு கேள்விதான்: இதற்கு மாத வாடகை எவ்வளவு? படம் எடுத்தவருக்கே தெரியாது. அவர் யோசித்தது 'ஏழை' என்ற ஒரு சொல்லை. அந்த ஆளின் சம்பளச் சீட்டை யோசிக்கவில்லை.

நான் செலாயாங்கில் இருப்பவன். பாசார் போரோங், அதாவது கோலாலம்பூர் மொத்தச் சந்தை, இங்கேதான் இருக்கிறது. காய்கறியும் மீனும் நள்ளிரவிலிருந்து இறங்கும். அதை இறக்குகிறவர்கள், ஏற்றுகிறவர்கள், எடை போடுகிறவர்கள் எல்லாம் பக்கத்துக் கடைவீடுகளின் மாடிகளில், பலகை வைத்துத் தடுத்த அறைகளில் தங்குகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நிறம். ரோஜாப்பூ போட்ட சிவப்புப் போர்வை, பச்சை வாளி, நீலப் பிளாஸ்டிக் கூடை, ஆரஞ்சுத் துண்டு. வெறுமை எங்கேயும் கிடையாது. மாறாக, கால் வைக்க இடமிருக்காது.

அதற்குக் காரணம் இருக்கிறது. சுவர் வீட்டுக்காரருடையது. அவர் அடித்த வெள்ளையோ வெளிர்மஞ்சளோ அப்படியே இருக்கும், வாடகைக்கு இருப்பவன் அதன்மேல் சாயம் அடிக்க மாட்டான். ஆகவே அந்த அறையில் அவன் தேர்ந்தெடுத்த நிறம் என்பது கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்களில் மட்டும்தான் இருக்க முடியும். போர்வை, திரைத்துணி, வாளி, துண்டு. அவையும் பசார் மாலாமில் எது மலிவோ அந்த நிறத்தில் வரும், மலிவான பிளாஸ்டிக்கோ அடர்த்தியான நிறத்தில்தான் வரும். ஏழையின் அறையைப் பழுப்பாக்குகிறவர், அவன் சொந்தக் காசில் வாங்கிய பொருள்களை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே வீசுகிறார்.

இனி ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். வயது இருபத்தாறு, சுங்கை சிப்புட் பக்கத்துப் பையன், சந்தையில் காய்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட் போகும். சொக்சோ முதலானவை சின்னத் தொகை. கைக்குச் சுமார் 1,500 வரும். அறை வாடகை 400, மோட்டார் தவணை 250, அம்மாவுக்கு 300 என்று வைப்போம். மிச்சம் 550. பெட்ரோலுக்கும் கைப்பேசிக்கும் 150 போனால் 400. ஒரு நாளைக்கு 13 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. சாப்பாடு, சோப்பு, சிகரெட் எல்லாம் அதற்குள்தான்.

இந்தக் கணக்கை எழுதி முடித்த உடனே அறை தானாக நிரம்ப ஆரம்பிக்கும். இவனுடைய விலையுயர்ந்த பொருள் மோட்டார், அது கீழே நிற்கிறது. ஆனால் ஹெல்மெட்டைக் கீழே விட மாட்டான், களவு போய்விடும். ஆகவே அது அறைக்குள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதுவும் நல்ல ஹெல்மெட்டாக இருக்கும். அடுத்தது தவணையில் எடுத்த கைப்பேசி. இந்த இரண்டும் பளபளக்க வேண்டும். குறைந்த வருமானத்து ஆளிடம் எல்லாமே பழசாக இருக்கும் என்று நினைப்பது தவறு. மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது பழசாக இருக்கும், மாதாமாதம் கட்டி வாங்கக்கூடியது புதுசாக இருக்கும். பாய்க்குப் பக்கத்தில் புத்தம் புது கைப்பேசியைப் பார்த்து "இது பொருந்தலையே" என்று எடுத்து ஒளிக்கும் உதவி இயக்குநர்கள்தான் காட்சியில் இருந்த ஒரே உண்மையை ஒளிக்கிறார்கள்.

அலமாரி வாங்க இவனிடம் காசில்லை. ஆனால் வேலை செய்யும் இடத்தில் காய்கறிக் கூடையும் ஆப்பிள் அட்டைப் பெட்டியும் சும்மா கிடைக்கும். ஆகவே நீலக் கூடை இரண்டைக் கவிழ்த்து அடுக்கினால் அலமாரி. நாற்காலி இல்லாத அறையிலும் நாட்காட்டி இருக்கும், ஏனென்றால் அது இலவசம். மளிகைக் கடை கொடுத்த சாமி படம் போட்டதா, குதிரைப் பந்தய நாள் போட்ட பெரிய எண் நாட்காட்டியா என்பதில் அவன் பழக்கம் ஒன்று தெரிந்துவிடும். குதிரை நாட்காட்டியின் ஓரத்தில் பேனாவால் நாலு எண் கிறுக்கியிருந்தால் நம்பர் எடுக்கிற ஆள். இதற்கு வசனம் தேவையில்லை. ஷாம்பு போத்தலில் இருக்காது, சின்னப் பாக்கெட்டில் இருக்கும். கிழித்த பாக்கெட் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தால், பாதியை நாளைக்கு வைத்திருக்கிறான் என்று அர்த்தம். வருமானம் தெரிவது பொருள் இல்லாததில் அல்ல, எந்த அளவில் வாங்கியிருக்கிறான் என்பதில்.

பழக்கத்தை ஜன்னலில் பார்க்கலாம். இவன் இரவில் வேலை செய்கிறவன், காலை பத்து மணிக்குத் தூங்கப் போகிறான். வெயில் நேராக அறைக்குள் அடிக்கும். ஆகவே ஜன்னலை எதையாவது வைத்து அடைத்திருப்பான், அதே ஆப்பிள் அட்டையாகவே இருக்கலாம். டேப் ஒட்டிய ஓரங்களில் கோடாக வெளிச்சம் கசியும். காற்று வராது, ஆகவே காத்தாடி பகல் முழுக்க ஓடும், அதன் கூண்டில் தூசி திரண்டிருக்கும். அது கால்மாட்டிலிருந்து முகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அறையில் ஒரே ஒரு சாக்கெட், அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தலையணை வரை வரும். (நான் படித்தது மின் பொறியியல், எனக்கு முதலில் தெரிவது வயர்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) எங்கே படுக்கிறான் என்பதைச் சாக்கெட்தான் முடிவு செய்கிறது. போன வருடம் ஒரு குறும்படத் திரையிடலில், நாயகன் இரவெல்லாம் கைப்பேசியில் பேசுகிற காட்சி முடிந்ததும், பின்வரிசை ஐயா ஒருவர் சத்தமாகவே கேட்டார், "தம்பி இதை எங்க சார்ஜ் பண்றாரு?" எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குக் கேட்கப்பட்ட உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான்.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் எனக்கு அதிகக் கோபம். நம் ஊரில் மலிவான அறைகளில் எரிவது பெரும்பாலும் வெள்ளை டியூப். பெட்டியில் 'டேலைட்', 6500K என்று போட்டிருக்கும், நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் வெளிச்சம் இன்றைக்கு ஹோட்டல் அறையிலும் கஃபேயிலும் இருக்கிறது. நாம் ஏழை அறைக்குள் கஃபே விளக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதை யதார்த்தம் என்கிறோம். ஒளிப்பதிவாளர்கள் சொல்லும் காரணமும் எனக்குத் தெரியும். மலிவு டியூபில் தோல் பச்சையடித்துத் தெரியும், சில டியூபுகள் கேமராவில் துடிக்கும். அதற்கு மருந்து மஞ்சள் பல்பு அல்ல. அதே சட்டத்தில், நிறத்தைச் சரியாகக் காட்டக்கூடிய, துடிக்காத வெள்ளை டியூபை மாட்டுங்கள். கேமராவின் வெண்சமநிலையை 5000K அளவில் வைத்தால் கொஞ்சம் நீலம் தங்கும், முகமும் கெடாது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை அதிகமாகத் திருப்பி அடித்தால், சுவரை ஒரு படி மங்கிய வெள்ளைக்கு மாற்றுங்கள். காரையைப் பெயர்க்க வேண்டியதில்லை.

இதெல்லாம் புதுசா? 1959இல் சத்யஜித் ராய் எடுத்த 'அபுர் சன்சார்' இருக்கிறது. கலை இயக்கம் பன்சி சந்திரகுப்தா. கல்கத்தாவில் தண்டவாளத்துக்கு அருகே ஒரு மாடி அறை, அபு மூன்று மாத வாடகை பாக்கி. ஜன்னலில் ஒரு கிழிந்த திரை. கல்யாணமாகி வந்த அபர்ணா அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே பார்த்து அழுகிறாள். பிறகு ஒரு காலைக் காட்சியில் அதே ஜன்னலில் வேறு திரை, நல்ல திரை. படுக்கையில் அவளுடைய கொண்டை ஊசி. சிகரெட் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு, சாப்பிட்ட பிறகு ஒன்றுதான் என்று. அதே அறை, அதே சுவர். கவனிக்க ஓர் ஆள் வந்திருக்கிறாள் என்பது மட்டும் மாறியிருக்கிறது, அதை ஒரு முழம் துணி சொல்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் அது, நிறம்கூட அவர்கள் கையில் இல்லை. முதலில் அந்தத் திரை கிழிந்திருந்தது வறுமைக்கு அடையாளம் என்பதற்காக மட்டும் இல்லை, பின்னால் மாற்றுவதற்காகவும்தான். நம் படங்களில் கிழிந்தது கடைசி வரை கிழிந்தே கிடக்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை.

தொடுவது என்றதும் அழுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருளைப் பழசாக்க நம் ஆட்கள் தேயிலைத் தண்ணீரையோ கரைத்த பழுப்புச் சாயத்தையோ எல்லாவற்றின்மேலும் ஒரே சீராகத் தெளிக்கிறார்கள். அழுக்கு அப்படிப் பரவாது. கை படும் இடத்தில் படியும், கால் படும் இடத்தில் தேயும். சுவிட்சைச் சுற்றி விரல் கறுப்பு, தலையணைக்கு மேலே சுவரில் வட்டமாகத் தேங்காய் எண்ணெய்க் கறை, கதவில் கைப்பிடிக்கு அருகே மட்டும் மினுமினுப்பு. அந்த எண்ணெய்க் கறை உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில் இருக்கிறதா, படுத்தால் படும் உயரத்தில் இருக்கிறதா என்பதைக்கூட நடிகரை உட்காரவைத்து அளந்துவிட்டுத்தான் பூச வேண்டும். தப்பாகப் பூசியிருந்தால் கண்டுபிடிக்க எளிய வழி, அறையை ஒரு படம் எடுத்து, கறைகளை மட்டும் பார்த்து அந்த ஆள் எங்கே உட்காருவான், எங்கே நடப்பான் என்று இன்னொருவரைச் சொல்லச் சொல்வது. அவரால் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் பூசியது வெறும் சாயம்.

'பட்ஜெட் இல்லை' என்பார்கள். காரையைப் பெயர்ப்பதற்கும் அதைத் திரும்பப் பூசி வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பதற்கும் காசு இருந்ததே. நான் மேலே சொன்னதில் கூடையும் அட்டையும் நாட்காட்டியும் கேட்டால் சும்மா கிடைக்கும். போர்வையை அந்த அறையில் உண்மையிலேயே தங்கியிருக்கிறவரிடம் இரவல் கேட்கலாம். அவர் அறையைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அவருடைய பொருள்களையெல்லாம் நடைபாதைக்குத் தள்ளிவிட்டு, காலி அறையில் நம் பாயை விரிக்கிறோம்.

காசு கேட்காத, உழைப்பு மட்டும் கேட்கிற ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கதை மூன்று வாரம் நடக்கிறது, படப்பிடிப்போ இரண்டே நாள். ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் மாதத்தில் அது எத்தனையாம் தேதி என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏழாம் தேதி சம்பளம் என்றால் எட்டாம் தேதிக் காட்சியில் கூடைமேல் பிஸ்கட் டின், முழுப் பால்மாவுப் பாக்கெட், மடிக்காத ஷாம்பு. இருபத்தெட்டாம் தேதிக் காட்சியில் அதே கூடைமேல் மேகியும் இரண்டு முட்டையும், பால்மாவுப் பாக்கெட்டின் வாய் ரப்பர் பேண்டால் கட்டி அடிமட்டத்துக்குச் சுருண்டிருக்கும். நாட்காட்டியின் தாள் சரியான மாதத்தில் இருக்க வேண்டும், நம்பர் கிறுக்கல் கூடியிருக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதிக் காட்சியை முதல் நாளே எடுப்பதாக இருந்தால், சுருண்ட பாக்கெட் ஒன்றும் முழுப் பாக்கெட் ஒன்றும் தனித்தனியாகக் கையில் இருந்தாக வேண்டும். பாக்கெட்டைக் காலி செய்ய படக்குழுவில் ஆளா இல்லை, காலையில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கத்தான் செய்கிறார்கள்.