முன்பணம் எந்த வரியில் கழியும்?

பாகான் டாலாமில் விருந்துச் சமையல் எடுத்து நடத்தும் அக்கா ஒருவர், போன வாரம் எனக்குப் புலனத்தில் இப்படித் தட்டிவிட்டார்: "120 பேர் சாப்பாடு 14, கோழிப் பிரட்டல் 2 தட்டு 85, வடை 155 @ 1.20, கழிவு 100, 500 வந்துடுச்சி, வரி போட்டு பில் அனுப்பு தம்பி."

கணக்குப் போடும் முன் அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. 85 வெள்ளி ஒரு தட்டுக்கா, இரண்டுக்கும் சேர்த்தா? ஒரு தட்டுக்குத்தானாம். நானாக மாற்றி எண்ணியிருந்தால், வரியோடு 90.10 வெள்ளி குறைந்திருக்கும். செய்தியில் எண்ணிக்கையும் விலையும் அருகருகே நின்றால் இந்தக் குழப்பம் வரும். பட்டியலில் அளவு, ஒன்றின் விலை, தொகை என மூன்று கட்டம் தனித்தனியாக இருப்பது அதற்காகத்தான்.

| விவரம் | அளவு | விலை | தொகை |
|---|---|---|---|
| சாப்பாடு | 120 | 14.00 | 1,680.00 |
| கோழிப் பிரட்டல் | 2 | 85.00 | 170.00 |
| வடை | 155 | 1.20 | 186.00 |
| கூட்டுத்தொகை | | | 2,036.00 |
| கழிவு | | | -100.00 |
| வரிக்குரிய தொகை | | | 1,936.00 |
| சேவை வரி 6% | | | 116.16 |
| மொத்தம் | | | 2,052.16 |
| முன்பணம் | | | -500.00 |
| பாக்கி | | | 1,552.16 |

2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக ஏறியது. உணவுக்கு 6 விழுக்காடே நீடித்தது. ஆனாலும் எல்லாரும் இந்த வரியைப் போட்டுவிட முடியாது. உணவுத் தொழிலில் 12 மாத விற்பனை 1.5 மில்லியன் வெள்ளியைத் தாண்டும்போதுதான் சுங்கத்துறையில் பதிய வேண்டும். பதியாதவர் பில்லில் வரி என்ற வரிசையே இருக்கக்கூடாது. இந்த அக்கா பிறைத் தொழிற்சாலைகளுக்கும் சாப்பாடு அனுப்புபவர், பதிந்தவர். அதனால் பதிவு எண்ணைப் பில்லின் மேலே போட்டேன்.

பலர் சறுக்குவது முன்பணத்தில். அக்காவின் பழைய பில் ஒன்றில் அதையும் கழிவோடு சேர்த்துக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு வரி போட்டிருந்தார்கள். இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் வரி 86.16 ஆகிவிடும். விட்டுப்போன 30 வெள்ளியைச் சுங்கத்துறைக்கு அக்காதான் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். கழிவு விலையைக் குறைக்கிறது, ஆகவே வரிக்கு முன் போகிறது. முன்பணமோ அதே பில்லுக்கு முன்கூட்டி வந்த காசு, மொத்தம் போட்ட பிறகுதான் கழிய வேண்டும்.

எக்செலில் வரிக்குரிய தொகை D7 கட்டத்தில் வந்தால், வரிக் கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=ROUND(D7*6%,2)
```

ROUND இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சென் பின்னங்கள் உள்ளே தங்கி, கூட்டல் ஒரு சென் தவறுவதுண்டு.

இணையம் வழி செலுத்தினால் 1,552.16 அப்படியே வரும். ரொக்கம் என்றால் 1,552.15தான், 2008 முதல் நம் கடைகளில் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிப்படுத்துகிறோமே! அந்த ஒரு சென்னை "சரிப்படுத்தல்" என்று கீழே தனி வரிசையில் காட்டுங்கள், வரியில் கைவைக்காதீர்கள்.