எந்த பிரஸ்ஸில் அனுபவம்?

ஓசூர், ஒரகடம், அம்பத்தூர் பகுதிகளில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலைகள் பவர் பிரஸ்ஸுக்கு ஆள் எடுக்கும் முறை மாற வேண்டும். ஐடிஐ முடித்தவரா, பிரஸ் ஷாப்பில் எத்தனை வருடம், விபத்து ஏதும் உண்டா என்ற மூன்று கேள்விகளோடு பல இடங்களில் நேர்காணல் முடிந்துவிடுகிறது. கேள்விகளில் தவறில்லை. கிடைக்கும் பதிலைத் துருவிப் பார்க்காததால்தான் தொழிலாளியின் விரல் போகிறது.

சான்றிதழில் அதிகச் சிக்கல் இல்லை. ஃபிட்டர் படிப்பும் இரண்டு வருடம், டூல் அண்ட் டை மேக்கர் படிப்பும் இரண்டு வருடம். பிரஸ் டையைப் பிரித்து மாட்டுவது இரண்டாவதன் பாடம். ஃபிட்டர் சான்றிதழோடு வருபவரை டை செட்டராகப் போடுவதாக இருந்தால், அப்ரண்டிஸ் காலத்தில் எந்தப் பிரிவில் நின்றார், யாரிடம் வேலை பழகினார் என்று கேட்டே ஆக வேண்டும்.

அனுபவத்தில்தான் பெரிய ஓட்டை. பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை ஒருமுறை மிதித்தால் கிராங்க் முழுச் சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். கை உள்ளே இருப்பதைப் பார்த்தாலும் நடுவில் நிறுத்த வழியில்லை. அதில் லைட் கர்ட்டன் மாட்டிப் பயனில்லை. கை நுழைய முடியாதபடி கம்பித் தடுப்புதான் வேண்டும். கீ தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஒரு மிதிக்கு ராம் இரண்டு முறை இறங்கும். ஏர் கிளட்ச் பிரஸ் வேறு ரகம். அதைப் பாதி வழியில் நிறுத்தலாம், லைட் கர்ட்டனும் வேலை செய்யும். ஆனால் தூரம் சரியாக இருக்க வேண்டும். கை விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நீளும் என்பது வழக்கமான கணக்கு. ராம் நிற்க 0.2 விநாடி பிடித்தால் கர்ட்டன் குறைந்தது 32 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்து நிற்கும் நேரம் கூடிவிட்டால், நேற்றுவரை போதுமாக இருந்த அதே இடைவெளி இன்று போதாது.

இது தெரியாதவர் பிரஸ் ஷாப்பில் பத்து வருடம் இருந்திருக்கலாம். காயில் ஃபீடர் தகட்டைத் தள்ள, தானாக ஓடும் லைனில் மட்டுமே நின்றவருக்கு, கையால் தகடு வைக்கும் கீ கிளட்ச் பிரஸ் முற்றிலும் புது இயந்திரம்.

ஒரு செட்டர் வேலைக்கு இரண்டு பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒன்பது வருட அனுபவம், விபத்தே இல்லை. இன்னொருவருக்கு ஆறு வருடம். ஒருமுறை விரல் நுனி நசுங்கியிருக்கிறது. பெரும்பாலான ஹெச்.ஆர். அதிகாரிகள் முதலாமவரைத்தான் எடுப்பார்கள். நாம் விபத்து அறிக்கையைப் படிக்கச் சொல்கிறோம். ராம் இரட்டை அடி அடிப்பதாக இரண்டாமவர் பராமரிப்புப் பதிவேட்டில் முன்பே இரண்டு முறை எழுதியிருக்கிறார். இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. அப்படியானால் அந்த விபத்து அவருடைய குறையல்ல. ஆபத்தை முன்கூட்டியே கண்டு எழுதிக்கொடுத்தவர் அவர். மாறாக, வேகத்துக்காகத் தடுப்பைத் தானே கழற்றி வைத்திருந்தார் என்று அறிக்கை சொன்னால் அவருக்கு இந்த வேலை கூடாது.

முதலாமவரின் வெற்றுப் பதிவேட்டையும் நம்பிவிட முடியாது. சட்டப்படி, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் செய்யும் காயத்துக்கே அறிவிப்பு கொடுக்க வேண்டும். தையல் போட்ட கையோடு மறுநாளே வரச்சொல்லி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டால், அந்தக் காயம் கணக்கில் ஏறாது.

ஆகவே இருவரையும் அவர்கள் நிற்கப்போகும் அதே பிரஸ்ஸில் ஒரு டை மாற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுகிறாரா, ஃப்ளைவீல் முழுதாக நிற்கும்வரை காத்திருக்கிறாரா, ராமுக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டுக் கையை உள்ளே விடுகிறாரா, முதல் அடிக்கு முன் தடுப்பைத் திரும்ப மாட்டுகிறாரா? ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு ஷிப்டின் உற்பத்தி குறையும் என்று இதைத் தள்ளிப்போடும் ஆலை, அந்த இழப்பைத் தொழிலாளியின் கையில் ஏற்றுகிறது.

நியமன ஆணையில் 'பிரஸ் ஷாப்' என்று பொதுவாக எழுதுவதை நிறுத்த வேண்டும். எந்த இயந்திரம், என்ன கிளட்ச், யார் சோதித்தார் என்று எழுதி, சோதித்தவர் கையெழுத்திட வேண்டும். இரவு ஷிப்டில் ஆள் குறைந்ததென்று அவரை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றினால் அங்கும் முதலில் சோதனை நடக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இதே விதிதான். ஆய்வுக்கு வரும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தாள் இல்லாத பிரஸ்ஸை அன்றே நிறுத்த வேண்டும்.